புது எக்செல் ஷீட் எந்த ஃபோல்டர்ல சேவ் ஆகுதுன்னு பாத்திருக்கீங்களா? உங்க அனுபவம் சொல்லுங்க

காப்பித்தோட்டக் கணக்கு

ஏற்காட்டுல ஒரு எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு பாக்கறேன். போன ஜனவரி, பழம் பறிப்பு முடியற நேரம், கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சுன்னு சேலத்துலேருந்து சர்வீஸ் பண்ற தம்பி வந்தாரு. விண்டோஸ் புதுசா போடணும், சி டிரைவ் அழிஞ்சிரும், அதுல ஏதாவது இருக்கா அக்கான்னு கேட்டாரு. நான் திரும்பிக்கூட பாக்காம "ஒண்ணும் இல்லப்பா, எங்க கணக்கு எல்லாம் டி-லதான்"னு சொன்னேன். அந்த ஒரு வரிதான் இன்னும் காதுல கேட்டுக்கிட்டே இருக்கு.

டி-ல மஸ்டர் ஃபோல்டர் இருந்துச்சு, எனக்கு முன்னாடி இருந்தவர் போட்டது. ஆனா நான் ஒவ்வொரு வாரமும் எக்செல் திறந்து புது ஷீட்ல ஆள் பேரு, நாள், கிலோ எல்லாம் அடிச்சு, கன்ட்ரோல் எஸ், பேரு குடுத்து என்டர், அவ்ளோதான். அது எல்லாம் சி-ல இருக்கற Documents-க்குப் போயிருக்கு. அடுத்த நாள் திறக்கும்போது Recent லிஸ்ட்ல மேலேயே இருக்கும், அங்கேயே க்ளிக் பண்ணிடுவேன், அதனால ஃபைல் எங்க இருக்குன்னு பாக்க வேண்டிய தேவையே வரல. 11 வார மஸ்டர் போச்சு.

கங்காணி நோட்டை வெச்சு திரும்ப எழுதினோம். ஒரு பாட்டி வந்து "ஏம்மா, பொங்கலுக்கு முந்தின வாரம் நான் அஞ்சு நாள் வந்தேனே, நீ நாலுன்னு போட்டிருக்க"ன்னு கேட்டாங்க. கங்காணி நோட்டுல அந்தப் பக்கம் மழையில நனைஞ்சு மை ஊறிக் கெடக்கு. அஞ்சுன்னே போட்டுக் குடுத்தோம், ஆனா அவங்க சொன்னதுதான் சரின்னு காட்ட எங்கிட்ட எதுவும் இல்ல.

அப்புறம் மாத்தினது இதுதான். எக்செல்ல File, Options, Save போனா "Default local file location"னு ஒரு கட்டம் இருக்கு, அதுல இருந்த Documents பாதையை அழிச்சிட்டு இதை அடிச்சேன்:

```
D:\Estate\Muster
```

வேர்டுல இதே இடத்துல Browse பட்டன் இருக்கும், எக்செல்ல இல்ல, கையாலதான் அடிக்கணும். நான் ஃபோல்டரைத் திறந்து மேல அட்ரஸ் பார்ல காப்பி பண்ணி ஒட்டினேன். அங்கேயே "Save to Computer by default" டிக்கும் போட்டேன், அது இல்லாட்டி ஒன்டிரைவைத்தான் முதல்ல காட்டுது. உங்கள்ல யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

மண்டிக்கடை

செவ்வாய்ப்பேட்டைல மளிகை மண்டி. அக்கா நீங்க பண்ணது சுத்து வழி. Options-ல Advanced போய் கீழ General-னு வரும், அங்க "At startup, open all files in"னு இருக்கு பாருங்க, அதுல உங்க ஃபோல்டரைக் குடுத்துட்டா எக்செல் திறந்தாலே நேரா உங்க வேலை இருக்கற இடத்துல நிக்கும், சேவும் அங்கேயே ஆகும். எங்க கடைல அப்படித்தான் ஓடுது.

வெள்ளிக் கொலுசு

அண்ணே தயவுசெஞ்சு இதை யாருக்கும் சொல்லாதீங்க. நான் அனுபவிச்சவன். எங்க பட்டறைல ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு ஃபைல், வெள்ளி எவ்ளோ குடுத்தோம், கொலுசா எவ்ளோ திரும்பி வந்துச்சு, சேதாரம் எவ்ளோன்னு. யாரோ சொன்னாங்கன்னு நானும் அந்தக் கட்டத்துல ஆர்டர் ஃபோல்டரைப் போட்டேன். மறுநாள் காலைல எக்செல் திறந்தா ஒண்ணொண்ணா ஜன்னல் திறந்துக்கிட்டே போகுது, அறுபது எழுபது ஃபைல், 4 ஜிபி ராம் மெஷின், மவுஸ் அசையல. எதிர்ல வியாபாரி எடை போட வெள்ளியோட நிக்கறாரு, தராசுல 742 கிராம் காட்டுது, அதை நான் சிகரெட் அட்டைல எழுதி வெச்சேன். அந்தக் கட்டத்தோட பேர்லயே இருக்கு, all files, உள்ள இருக்கற அத்தனையும் திறக்கும். சேவ் எங்க ஆகணும்ங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

உங்க கடைல ஓடுதுன்னா அந்த ஃபோல்டர்ல ஒண்ணு ரெண்டு ஃபைல்தான் இருக்கும்.

மண்டிக்கடை

ஒரே ஃபைல்தான் தம்பி, வரவு செலவு. அது தானா திறக்குது, அதைத்தான் நான் சொன்னேன். புதுசா எதுவும் நாங்க போடறதில்ல.

ஜவ்வரிசி ஆலை ஆத்தூர்

எனக்கும் இதே பிரச்சினைதான். மரவள்ளிக் கிழங்கு லோடு வர்ற பில்லை டிரைவர் வாட்ஸ்அப்ல அனுப்புவாரு, கம்ப்யூட்டர்ல அதை க்ளிக் பண்ணி திறந்து பாயிண்ட் திருத்தி சேவ் பண்ணுவேன், அப்புறம் தேடினா கிடைக்காது. போன வாரம் மூணு லோடு பாயிண்ட் இப்படிப் போச்சு, விவசாயிகிட்ட எந்த முகத்தோட பேசறது. நீங்க சொன்ன மாதிரி பாதையை மாத்தினேன், அப்பவும் அதே கதை. எந்தக் கட்டத்தை மாத்தணும்?

சூரமங்கலம் சிஸ்டம்

ஆத்தூர் சார், உங்களோடது வேற விஷயங்க. இந்த செட்டிங் புதுசா பொறக்கற ஃபைலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஒரு இடத்துல இருக்கற ஃபைலைத் திறந்து கன்ட்ரோல் எஸ் அடிச்சா அது இருந்த இடத்துலயேதான் விழும். வாட்ஸ்அப்லேருந்தோ மெயில்லேருந்தோ நேரா திறக்கும்போது அது பெரும்பாலும் ஏதோ ஒரு தற்காலிக ஃபோல்டர்ல உக்காந்திருக்கும், நீங்க திருத்தினதும் அங்கேயே போயிரும். திறந்த உடனே, ஒரு எழுத்து அடிக்கறதுக்கு முன்னாடி, F12 அழுத்தி உங்க ஃபோல்டர்ல வெச்சிருங்க. அதுக்கு அப்புறம் திருத்துங்க.

அக்காவுக்கு ஒண்ணு சொல்லணும், கேக்காமலே சொல்றேன், ஏன்னா மாத்தியாச்சுன்னு நிம்மதியா இருந்து திரும்ப ஏமாறக் கூடாது. நான் சேலத்துல சின்னச் சின்ன ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் பாக்கறவன். ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இதே மாதிரி பாதை மாத்திக் குடுத்துட்டு வந்தேன், ரெண்டே நாள்ல போன், "நீங்க மாத்தினது பழையபடி ஆயிடுச்சு, ஃபைல் பென் டிரைவ்ல போய் விழுது". போய்ப் பாத்தா செட்டிங் அப்படியே இருக்கு. நடந்தது என்னன்னா, அந்தப் பொண்ணு காலைல Open வழியா பென் டிரைவ்ல இருந்த ஒரு கட்சிக்காரர் ஃபைலைத் திறந்திருக்கு, அதை மூடிட்டு எக்செல்லை மூடாமலே புது ஷீட் போட்டிருக்கு. எக்செல் கடைசியா போன ஃபோல்டரை ஞாபகம் வெச்சுக்கும், அந்த பென் டிரைவைத்தான் சேவ் பண்ணும்போதும் காட்டுச்சு. நாம குடுத்த பாதைங்கறது எக்செல் தொடங்கற இடம், அவ்ளோதான். முழுசா மூடித் திறந்தா திரும்ப அங்க வந்து நிக்கும்.

இதைக் கண்ணால பாக்கணும்னா எக்செல்ல Alt+F11, அப்புறம் Ctrl+G. கீழ வர்ற சின்ன ஜன்னல்ல ஒவ்வொரு வரியா அடிச்சு என்டர் தட்டுங்க:

```
?Application.DefaultFilePath
?CurDir
```

முதல் வரி நீங்க செட்டிங்ல குடுத்த பாதையைச் சொல்லும். ரெண்டாவது எக்செல் இப்ப நிக்கற ஃபோல்டர். அந்தப் பொண்ணு மெஷின்ல முதல்ல டி டிரைவ் ஃபோல்டர் வந்துச்சு, ரெண்டாவதுல `E:\` வந்துச்சு. அதைப் பாத்த உடனே அதுக்கே புரிஞ்சிருச்சு. இப்ப வெளி ஃபைல் பாத்து முடிச்சா எக்செல்லை மூடிட்டுத்தான் அடுத்த வேலை.

இன்னொண்ணு, அதே Save பக்கத்துல "AutoRecover file location"னும் இருக்கும், பக்கத்துல பக்கத்துல இருக்கறதால நிறைய பேரு அதை மாத்திட்டு மாத்தியாச்சுன்னு நெனச்சுக்கறாங்க. அது கரண்ட் போனா மீட்டெடுக்கற நகல் தங்கற இடம். அதுல கை வைக்காதீங்க.

கலெக்டர் ஆபீஸ் எதிர்ல

நான் மனு அடிச்சுக் குடுக்கற கடை வெச்சிருக்கேன், லிப்ரே ஆபீஸ்தான். அதுல Tools, Options, LibreOffice, Paths போய் My Documents வரியை Edit பண்ணினா ரைட்டர், கால்க் எல்லாத்துக்கும் ஒரே அடியா மாறிடுது, எம்எஸ்ல வேர்டுக்குத் தனி எக்செல்லுக்குத் தனின்னு அலைய வேண்டியதில்ல.

ஆனா சொல்லப் போனா எனக்கு இந்த செட்டிங் மேலயே நம்பிக்கை இல்ல. ஒரு அம்மா பட்டா மாறுதல் மனு அடிக்க வந்தாங்க, அடிச்சு சேவ் பண்ணி பிரிண்ட் குடுத்தேன், ஒரு வாரம் கழிச்சு சர்வே நம்பர் ஒரு எண் தப்புன்னு ஓடி வந்தாங்க, முந்தின ஆள் ஃபோல்டர்ல இருந்துச்சு அவங்க மனு, அரை மணி நேரம் தேடினேன். அவங்களுக்கு பஸ் போயிருச்சு. அன்னிலேருந்து ஆளுக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, அந்த ஃபோல்டருக்கு உள்ள ரைட் க்ளிக், New, அங்கேயே ஃபைலை உண்டாக்கி பேரு வெச்சுத்தான் திறக்கறேன். ஃபைல் பொறக்கும்போதே வீட்டுல பொறந்துடுது. சிஸ்டம் சார் சொன்ன கடைசி ஃபோல்டர் ஞாபகம் எல்லாம் இதுல தொல்லையே பண்ணாது.

சூரமங்கலம் சிஸ்டம்

உங்க கடைக்கு அதுதான் சரிங்க, தினம் பத்து ஃபோல்டர். அக்காவுக்கு வருஷம் பூரா ஒரே ஃபோல்டர், அங்க செட்டிங்தான் சுலபம். அவசரத்துல ஆள் கன்ட்ரோல் என்தான் அடிக்கும், ரைட் க்ளிக் பண்ண ஞாபகம் இருக்காது.

கலெக்டர் ஆபீஸ் எதிர்ல

பழக்கிக்கிட்டா இருக்கும் சார். நான் 52 வயசுல பழகினேன்.

மண்டிக்கடை

எக்செல்லு வேர்டுன்னு தனித்தனியா எதுக்கு, Documents-ஐயே டி-க்கு தள்ளிடலாமே. அது மேல ரைட் க்ளிக், Properties, Location, Move. மச்சான் கம்ப்யூட்டர்ல நான்தான் பண்ணிக் குடுத்தேன்.

சூரமங்கலம் சிஸ்டம்

இது நல்ல வழிதான் அண்ணே, ஒரே ஒரு எச்சரிக்கை. டி-ல முதல்ல ஒரு ஃபோல்டர் போட்டு அதைக் காட்டணும். வெறும் `D:\`னு குடுத்துட்டா டி டிரைவ் முழுசுமே Documents ஆயிடும், திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டு வர்றது பெரிய பாடு. ஒன்டிரைவ் Documents-ஐ பேக்கப் எடுக்கற மெஷின்னா முதல்ல அங்க அதை நிறுத்திட்டு வரணும்.

மண்டிக்கடை

ஃபோல்டர் போட்டேனான்னு ஞாபகம் இல்ல. ராத்திரி மச்சானைக் கேக்கறேன்.

காப்பித்தோட்டக் கணக்கு

சிஸ்டம் சார், இன்னிக்கு காலைல நீங்க குடுத்த ரெண்டு வரியையும் அடிச்சுப் பாத்தேன், ரெண்டுலயும் மஸ்டர் ஃபோல்டரே வந்துச்சு. அப்புறம் பக்கத்து சீட் தம்பி அதே கம்ப்யூட்டர்ல அவரோட லாகின்ல உக்காந்தாரு, அவருக்கும் அடிக்கச் சொன்னேன். ரெண்டுலயும் Documents. நான் மாத்தினது என் லாகினுக்கு மட்டும்தானாம், இத்தனை மாசமா ஆபீஸுக்கே மாத்திட்டேன்னு நெனச்சிருந்தேன். அவரோட Documents-ஐ திறந்தா மிளகு எடை ஷீட் நாலு கெடக்குது, ரெண்டு இந்த மாசத்தோடது. எல்லாத்தையும் டி-க்கு நகர்த்தியாச்சு, அவர் எக்செல்லயும் பாதை அடிச்சாச்சு. அவர் Recent லிஸ்ட்ல அந்த நாலு ஷீட்டும் இன்னும் பழைய இடத்தையே காட்டுது, க்ளிக் பண்ணா கிடைக்கலங்குது, அதை லிஸ்ட்லேருந்து எடுத்து விட்டா ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாதுதானே?

வெள்ளிக் கொலுசு

ஒண்ணும் ஆகாதுக்கா. அந்த வரி மேல ரைட் க்ளிக் பண்ணி Remove from list குடுங்க. ஆனா அதுக்கு முன்னாடி டி-ல நாலையும் ஒரு தடவை திறந்து உள்ள கணக்கு இருக்கான்னு பாத்துடுங்க.