இடப்பக்க அசைவை வலப்பக்கம் புரட்டியபோது உங்களுக்கு என்ன நடந்தது?

நள்ளிரவுரிக்

இங்கே இருக்கும் எல்லோரும் இதை ஒரு முறையாவது பார்த்திருப்பீர்கள் என்பதால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நின்ற இடத்திலேயே இடப்பக்கம் 90 பாகை திரும்பும் ஒரு கிளிப். வலது திருப்பத்தைத் தனியாகச் செய்ய நேரமில்லை, புரட்டிக்கொள்ளலாம் என்று குழுவில் முடிவாகிவிட்டது. ரிக் மாயாவில் செய்தது. வலப்பக்க எலும்புகள் Mirror Joints-இல் `Behavior` தேர்வில் உருவானவை. ஆகவே இடது முழங்கையின் சுழற்சி எண்களை அப்படியே வலது முழங்கைக்குக் கொடுத்தால் போதும், கண்ணாடியில் தெரிவதைப் போல மடங்கிவிடும். மாயாவுக்குள் மடங்கவும் செய்தது. அதே நகலெடுப்பை, ஏற்றுமதியான கிளிப்பின் மீது கேம் எஞ்சினுக்குள் ஓட்டினோம்.

முதல் பிரேமிலேயே வலது கால் தலைகீழாக மேலே எழும்பி, முழங்கால் நெஞ்சுக்குள் புகுந்து நின்றது. தொங்க வேண்டிய வலது கை வானத்தைப் பார்த்தது. ஆனால் பெரிதாக்கிப் பார்த்தால் விரல்களில் ஒவ்வொரு கணுவும் அச்சுப் பிசகாமல் மடங்கியிருந்தது. முழங்கை சரி, மணிக்கட்டு சரி, கணுக்கால் சரி. `clavicle_r`, `thigh_r` என்ற இரண்டு எலும்புகள் மட்டும் 180 பாகை புரண்டிருந்தன. அந்த இரண்டையும் கையால் திருப்பிவைத்துக் கிளிப்பை அனுப்பிவிட்டார்கள். மற்றவை எல்லாம் சரியாக வந்தபோது இவை இரண்டு மட்டும் ஏன் புரண்டன என்பது இன்னும் என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

கட்டைவிரல்

இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? குவாட்டர்னியனில் x-ஐத் தொடாமல் y, z இரண்டின் குறியையும் மாற்றினால் வேலை முடிந்தது. பிளெண்டரில் `Ctrl+Shift+V` அழுத்தினால் நடப்பது அதுதான்.

என் கதை வேறு. விலைக்கு வாங்கிய ஒரு ரிக். உடம்பு முழுவதும் ஒழுங்காகப் புரண்டது. வலது கட்டைவிரல் மட்டும், கை பிடியாக மூடும்போது உள்ளங்கைக்குள் வராமல் வெளிப்பக்கமாகச் சரிந்து நின்றது. Edit Mode-இல் போய்ப் பார்த்தால் இடது கட்டைவிரலின் Roll 35, வலதிலும் 35. வலதில் -35 இருந்திருக்க வேண்டும். அதை மாற்றியதும் புரட்டல் சரியானது. ஆனால் அந்த ரிக்கில் ஏற்கெனவே செய்து முடித்த கிளிப்களில் எல்லாம் வலது கட்டைவிரல் கோணியது. சாவிகள் ஓய்வு நிலையிலிருந்துதானே கணக்கிடப்படுகின்றன!

ஒரு சோதனை சொல்கிறேன்: புரட்டியதை மறுபடியும் புரட்டுங்கள். மூல அசைவு அப்படியே திரும்பி வந்தால் உங்கள் கணக்கு சரி.

பழையமூட்டு

கட்டைவிரல் சொல்லும் சோதனையை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். தவறான அச்சின் குறியை மாற்றினாலும், இரண்டாம் முறை மாற்றும்போது பழைய எண்தான் திரும்ப வரும். y, z-க்குப் பதிலாக x, y-ஐ மாற்றிப் பாருங்கள், அதுவும் தேர்ச்சி பெறும். பயனுள்ள சோதனைகள் வேறு இரண்டு. அசைவே இல்லாத ஓய்வு நிலையைப் புரட்டினால் அதே ஓய்வு நிலை வர வேண்டும். பிறகு, ஏதாவது ஒரு பிரேமில் மூலத்தின் இடது மணிக்கட்டு உலக வெளியில் எங்கே இருக்கிறதோ, புரட்டியதன் வலது மணிக்கட்டு அதன் x குறி மட்டும் மாறிய இடத்தில் இருக்க வேண்டும். நள்ளிரவுரிக் ஓய்வு நிலையைப் புரட்டியிருந்தால், முழங்கால் நெஞ்சுக்குள் போவது எந்தக் கிளிப்பும் இல்லாமலே தெரிந்திருக்கும்.

இப்போது அந்த இரண்டு எலும்புகள். `Behavior` தேர்வு வலது எலும்பின் மூன்று அச்சுகளையும், இடதின் பிம்பத்துக்கு நேர் எதிராகத் திருப்பிவைக்கிறது. இடது தொடையின் X முழங்காலை நோக்கி இறங்கினால், வலது தொடையின் X இடுப்பை நோக்கி ஏறும். அதனால்தான் வலது முழங்காலின் Translate X கழித்தல் எண்ணாக இருக்கும். தொடைக்கும் முழங்காலுக்கும் இடையே பெற்றோர், பிள்ளை இரண்டுமே இப்படித் திரும்பியிருப்பதால் அந்தத் திருப்பம் ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. உள்சுழற்சி இரு பக்கமும் ஒன்றாகிறது. ஆனால் தொடையின் பெற்றோர் இடுப்பு, காறை எலும்பின் பெற்றோர் முதுகெலும்பு. இவை நடுவில் இருப்பவை, திரும்பாதவை. அடிபடாத அந்த 180 பாகை முழுவதும் சங்கிலியின் முதல் எலும்பில் தேங்குகிறது.

மாயாவில் ஏன் தெரியவில்லை? அங்கே அந்தத் திருப்பம் Joint Orient-இல் தனியாக உட்கார்ந்திருக்கிறது, Rotate எண்களில் இல்லை. எஞ்சினுக்குப் போகும்போது இரண்டும் ஒரே சுழற்சியாகச் சேர்ந்துவிடுகின்றன. அதை முழுசாக நகலெடுத்தால் இடது தொடையின் ஓய்வு நிலையையும் சேர்த்து வலது தொடைக்குக் கொடுக்கிறீர்கள். வலது முழங்கால் கழித்தல் X பக்கம் இருப்பதால் கால் மேலே போகிறது.

குறிகளை எலும்பு எலும்பாகத் தேடுவதை நான் விட்டுவிட்டேன். ஓய்வு நிலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை மட்டும் முழு மாதிரியின் அச்சுகளில் எடுத்து, அந்த விலகலைப் புரட்டி, எதிர்ப்பக்க எலும்பின் சொந்த ஓய்வு நிலை மீது ஏற்றுகிறேன்:

```
D     = R[b] * inv(R0[b])
R2[m] = mirror(D) * R0[m]
L2[m] = inv(R2[parent(m)]) * R2[m]
# mirror(w,x,y,z) = (w, x, -y, -z)
```

`R` அந்தப் பிரேமில் எலும்பின் சுழற்சி, `R0` அதன் ஓய்வு நிலை, `L2` பெற்றோரைச் சார்ந்த புதிய சுழற்சி. `b` இடது என்றால் `m` வலது. நடு எலும்புக்கு இரண்டும் ஒன்றே. பெற்றோரை முடித்த பிறகே பிள்ளைக்கு வர வேண்டும். கட்டைவிரல் சொன்ன y, z குறிமாற்றம் இங்கேயும் இருக்கிறது, ஆனால் அது மாதிரியின் அச்சுகளில் நடக்கிறது, எலும்பின் அச்சில் அல்ல. பிளெண்டரில் அது எலும்பளவிலேயே பலிப்பதற்குக் காரணம், இருபக்க Roll-களும் எதிரெதிராக இருக்கும் என்று அது எடுத்துக்கொள்வதுதான். 35-க்கு 35 இருந்தாலும் மேலே உள்ள முறையில் கட்டைவிரல் சரியாக மடங்கும், பழைய கிளிப்களும் பிழைக்கும். ஓய்வு நிலையில் இரண்டு கைகளும் ஒரே சாய்வில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. ஒரு கை சற்றுத் தாழ்ந்திருந்தால் அந்த வித்தியாசம் எல்லாப் பிரேமிலும் கூடவே வரும்.

பக்கவாட்டு

எனக்குப் புரியாத ஒன்று. பாத்திரத்தின் Scale X-ஐ -1 ஆக்கினால் எல்லாம் தானாகப் புரண்டுவிடுகிறதே? நாங்கள் ஒரு கால்பந்து விளையாட்டில் அப்படித்தான் செய்தோம். பந்தை இடது காலால் உதைக்கும் கிளிப் வலது காலுக்கு அழகாக வந்தது. சட்டை முதுகில் இருந்த எண் மட்டும் இடவலம் மாறித் தெரிந்தது. அதற்குத் தனிப் படம் ஒட்டினோம்.

பழையமூட்டு

நீங்கள் புரட்டியது ஆளை, அசைவை அல்ல. நெற்றித் தழும்பும் இடுப்புப் பையும்கூடப் பக்கம் மாறியிருக்கும், யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். சில எஞ்சின்களில் முகப்புகளின் திசையும் உள்வெளியாகிவிடும்.

நாற்பது_செமீ

எலும்புகள் எல்லாம் சரியாக வந்த பிறகும் ரூட் என்னை விடவில்லை. அசைவுப் பதிவில் நடிகர் மேடையின் நடுவில் நிற்காமல் 40 செ.மீ. தள்ளி நின்று தொடங்கியிருந்தார். நேராகப் பார்க்காமல் 30 பாகை திரும்பியும் நின்றார். மூலக் கிளிப்பில் யாருக்கும் தெரியவில்லை. புரட்டிய கிளிப்போ 40 செ.மீ. எதிர்ப்பக்கத்தில், எதிர்த்திசையில் 30 பாகை திரும்பித் தொடங்கியது. இடது திருப்பத்திலிருந்து வலது திருப்பத்துக்கு மாறும் அந்தக் கணத்தில் பாத்திரம் 80 செ.மீ. வழுக்கிக்கொண்டே 60 பாகை சுழன்றது. பாதங்கள் தரையில் பனிச்சறுக்கு ஆடின.

அதோடு நிற்கவில்லை. வேறொரு ரிக்கில் பாத்திரம் X திசையை நோக்கி நின்றது. அட்டவணையில் புரட்டும் அச்சாகவும் X-ஐயே யாரோ கொடுத்திருந்தார்கள். ஓட வேண்டிய ஆள் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினார்!

பழையமூட்டு

இரண்டாவது எளிது. பாத்திரத்தின் பக்கவாட்டில் எந்த அச்சு போகிறதோ அதைத்தான் கொடுக்க வேண்டும். அன்ரியலின் மனிதப் பொம்மை, மாதிரியின் அச்சுகளில் Y-ஐ நோக்கி நிற்பதால் அங்கே X பொருந்துகிறது. உங்கள் ரிக் X-ஐப் பார்த்தால் Y.

முதலாவதற்கு, ரூட்டை உலகின் நடுக்கோட்டில் புரட்டாதீர்கள். முதல் பிரேமில் ரூட் நிற்கும் இடத்தையும் திசையையும் பிரித்தெடுத்து, அங்கிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும் புரட்டி, மறுபடி அதே இடத்தில் வையுங்கள்:

```
T2(t) = T(0) * mirror( inv(T(0)) * T(t) )
```

தொடக்கம் இரண்டு கிளிப்பிலும் ஒன்றே. மூலம் 30-இலிருந்து 120 வரை திரும்பினால், புரட்டியது 30-இலிருந்து -60 வரை திரும்பும். ஆனால் ரூட் எலும்பே ஏற்றுமதியில் படுத்துக்கொண்டு வந்திருந்தால், அதாவது X-இல் -90 பாகை ஒட்டியிருந்தால், அந்த ஓய்வுத் திருப்பத்தை முதலில் கழித்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் எது பக்கவாட்டு என்பதே தெளிவில்லாமல் போய்விடும்.

பெயர்ப்பட்டியல்

எனக்கு நடந்தது சின்னது: புரட்டிய பிறகு கீழ்க்கால்கள் இரண்டும் பக்கம் மாறவே இல்லை, மற்ற எல்லாம் மாறின. ஸ்கிரிப்ட் `_l` என்பதை `_r` ஆக மாற்றியது. எலும்பின் பெயர் `lower_leg_l`. அது `lower_reg_r` ஆகிவிட்டது! அப்படி ஓர் எலும்பே இல்லாததால் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விட்டது.

இதிலிருந்து சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். பெயரின் இறுதியில் மட்டும் பொருந்தும்படி `_l$` என்று எழுதுங்கள். ஜோடி கிடைக்காத எலும்புகளை அமைதியாக விடாமல் பட்டியலாக அச்சிடச் சொல்லுங்கள், அதில் நடு எலும்புகள் மட்டும்தான் வர வேண்டும். அன்ரியலின் Mirror Data Table-இல் எலும்புகளோடு நின்றுவிடாதீர்கள். இடது காலடி ஓசையைக் கிளப்பும் குறிப்பும், நடையை ஒத்திசைக்கும் குறியும் அதே அட்டவணையில் ஜோடி சேர்க்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் வலது பாதம் பதியும்போது இடது பாதத்தடியில் தூசி கிளம்பும். ஆயுதம் பிடிக்கும் எலும்பு வலக்கையில் மட்டும் இருந்தால் அதற்கு ஜோடியே கிடையாது. வாள் எந்தக் கைக்குப் போக வேண்டும் என்பதை அசைவூட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும், ஸ்கிரிப்ட் அல்ல. யூனிட்டியில் ஹியூமனாய்டு கிளிப்புக்கு `Mirror` பெட்டியைத் தட்டினால் போதும் என்பவர்களுக்கும் இந்த வாள் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

கட்டைவிரல்

இரண்டு முறை புரட்டும் சோதனை வீண் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஜோடி தவறியிருந்தால் அது காட்டிக்கொடுக்கும். `lower_reg_r` அதில் தப்பியிருக்காது.

பழையமூட்டு

தப்பியிருக்கும். ஜோடி கிடைக்காத எலும்பு இரண்டு முறையும் தொடப்படாமலே இருக்கும், மூலத்தோடு அப்படியே பொருந்தும்.

நள்ளிரவுரிக்

பழையமூட்டு கொடுத்ததை ஓட்டிப் பார்த்தோம். தொடையும் காறையும் ஓய்வு நிலையில் அசையாமல் நின்றன, திருப்பமும் சரி. இப்போது மிஞ்சியிருப்பது இடுப்பு. எங்கள் ரிக்கில் இடுப்பு எலும்பு நடுக்கோட்டிலிருந்து 0.7 செ.மீ. விலகியிருக்கிறது. x குறியை மாற்றினால் உடம்பு முழுவதும் 1.4 செ.மீ. நகர்ந்து பாதம் வழுக்குகிறது. இடுப்பின் இடத்தையும் ஓய்விலிருந்து விலகலாகவே எடுத்துப் புரட்டினால் வழுக்கல் நிற்கிறது, ஆனால் மணிக்கட்டு சோதனையில் அதே 1.4 செ.மீ. பிழையாகத் தெரிகிறது. ரிக்கையே திருத்தினால் பழைய கிளிப்கள் எல்லாம் நகரும். திருத்துவதா, சோதனையில் அந்த இடைவெளியைக் கழித்துக்கொள்வதா என்று குழுவில் இரண்டு கட்சியாக நிற்கிறோம். இதே நிலையில் ரிக்கைத் திருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?