‘சார்ஜ்பேக்’: திரும்பப்பற்றா, மீளறவீடா, வங்கிவழி மீட்பா?

வளர்மதி, மே 8

அனைவருக்கும் வணக்கம். ஒரு வங்கியின் செயலியைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. 12-ஆம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். அட்டையில் கட்டிய பணத்தை வங்கி வழியாகத் திரும்பக் கேட்கும் இடத்தில் வரும் ‘டிஸ்ப்யூட்’, ‘சார்ஜ்பேக்’ என்ற இரண்டு சொற்களில்தான் நான்கு நாளாக நிற்கிறேன். கூடவே ஓர் உதவிப் பக்கமும் உண்டு: பொருள் வரவில்லை என்றால் கடைக்காரருக்காக எதுவரை காத்திருப்பது, எப்போது வங்கியிடம் போவது என்பதைப் பற்றியது. முன்பு வேலை செய்தவர் ‘சார்ஜ்பேக்’ என்பதைப் ‘பணம் திரும்பப் பெறுதல்’ என்று போட்டிருக்கிறார். ‘ரீஃபண்ட்’ என்பதற்கும் அதையேதான் போட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானா?

இளங்கோவன், மே 8

அன்புள்ள வளர்மதி, ‘சார்ஜ்’ என்பது கணக்கில் பற்று எழுதுவது. அது பின்னோக்கிப் போனால் ‘திரும்பப்பற்று’ அல்லது ‘எதிர்ப்பற்று’. இன்னும் பழைய வழக்கு வேண்டுமானால் ‘தண்டு’ என்ற வினை இருக்கிறது. கல்வெட்டுகளில் வரி வாங்குவது தண்டுவதுதான். சென்னையில் நாள்தோறும் கடன் வசூலிப்பதை இன்றைக்கும் தண்டல் என்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாக நாவில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு நாம் ஏன் அலைய வேண்டும்? ‘மறுதண்டல்’ என்பது என் முதல் பரிந்துரை. ‘டிஸ்ப்யூட்’ என்பதற்குப் ‘பிணக்கு’.

ரஃபீக், மே 8

ஐயா, தண்டல் என்று திரையில் பார்த்தால் வடசென்னையில் இருப்பவர் தன்னிடம் கடன் வசூலிக்க வருகிறார்கள் என்றுதான் நினைப்பார்.

வளர்மதி, இரண்டும் ஒன்றல்ல. ஒரு வங்கியில் அட்டைப் பிணக்குப் பிரிவில் 11 ஆண்டுகள் இருந்தேன், அதனால் சொல்கிறேன். ‘ரீஃபண்ட்’ கடைக்காரர் மனம் ஒப்பித் தருவது. ‘சார்ஜ்பேக்’ அவர் கையை மீறி நடப்பது. அட்டை கொடுத்த வங்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு வலையமைப்பு வழியாகக் கடைக்காரருடைய வங்கியிடமிருந்து பணத்தை இழுக்கிறது. அந்த வங்கி கடைக்காரர் கணக்கில் கழித்துக்கொள்கிறது. கடைக்காரர் சும்மா இருக்க வேண்டியதில்லை. பொருளைச் சேர்த்ததற்கான கையெழுத்து, கூரியர் பதிவு எல்லாம் காட்டி மறுக்கலாம். மறுப்பு ஏற்கப்பட்டால் பணம் மறுபடி அவரிடமே போகும். இடையில் உங்கள் கணக்கில் தெரியும் தொகை தற்காலிக வரவுதான். இது தெரியாமல் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து மீண்டும் பற்று விழுந்ததும் வங்கிக்கு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எந்தச் சொல்லை எடுத்தாலும், காரியம் முடிந்துவிட்டது என்ற தொனி அதில் வரக் கூடாது.

தர்சினி, யாழ்ப்பாணம், மே 8

வணக்கம். எங்களுக்கு இதில் இவ்வளவு சிரமம் இல்லை. இங்கே கட்டணமோ வரியோ வாங்குவதை ‘அறவிடுதல்’ என்றுதான் எழுதுவோம். ‘சேவைக் கட்டணம் அறவிடப்படும்’ என்ற அறிவித்தல் எந்த அலுவலகத்திலும் இருக்கும். ‘ரீஃபண்ட்’ மீளளிப்பு. அப்படியானால் ‘சார்ஜ்பேக்’ மீளறவீடு. அளிப்பவர் கடைக்காரர், அறவிடுவது வங்கி. ரஃபீக் சொன்ன வேறுபாடு வினையிலேயே வந்துவிடுகிறது.

இளங்கோவன், மே 9

தர்சினி அம்மா, மிக அழகான சொல். விடு வீடாவது, கெடு கேடாவதைப் போல முதனிலை திரிந்த தொழிற்பெயர். இலக்கணத்தில் குறையே இல்லை. ஆனால் ‘அற’ என்றால் முற்றாக. அறவிடுவது முற்றாக வாங்கிவிடுவது. ரஃபீக் கணக்குப்படி இது முற்றாக வாங்குவதே இல்லை, மறுப்பு வந்தால் திரும்பிப் போகிறது. ‘பற்று’ அப்படியல்ல. பற்றியதை விடவும் முடியும். பற்று என்ற வேர் கொடிக்குப் பற்றுக்கோடாகி, உலோகத்தை ஒட்டும் பற்றாசாகி, கணக்கேட்டில் கடனாகி நிற்கிறது. இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

விஜயா, மே 9

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சொல்லைவிட வழிதான் அவசரமாகத் தேவைப்படுகிறது. ஜனவரி 3-ல் ஓர் இணையக் கடையில் புத்தக அலமாரிக்கு விசா கடன் அட்டையில் ரூ.18,400 கட்டினேன். ஜனவரி 20-க்குள் வரும் என்றார்கள். அன்றிலிருந்து ‘அடுத்த வாரம்’ என்றே வாட்ஸாப்பில் பதில். மார்ச் கடைசியில் வங்கிச் செயலியில் ‘புகார்’ என்ற பொத்தானை அழுத்தி எழுதினேன். ‘கடையை அணுகவும்’ என்று ஒரு வரி வந்து அது மூடப்பட்டுவிட்டது. 120 நாள்தான் அவகாசம் என்கிறார்களே, மே 3-லேயே முடிந்துவிட்டதா? கடைக்காரர் நேற்று ‘ஒரு வாரத்தில் பணத்தைப் போட்டுவிடுகிறேன்’ என்றார். காத்திருக்கலாமா?

முத்து, மே 9

அம்மா, நீங்கள் ஓடிபி போட்டுத்தானே பணம் கட்டினீர்கள்? ஓடிபி போட்ட பிறகு டிஸ்ப்யூட் செல்லாது. நான் திருப்பூரில் பனியன் துணி இணையத்தில் விற்கிறேன். போன வருடம் ஒருவர் எனக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் நேரே வங்கிக்குப் போய்விட்டார். பார்சல் பக்கத்து வீட்டில் இருந்தது! நான் கூரியர் சீட்டைக் காட்டி ஜெயித்தேன், ஆனாலும் அதற்கென்று வசூலித்த கட்டணம் எனக்குத் திரும்பவில்லை. சொல் கண்டுபிடிக்கிறவர்கள் எங்களையும் நினைக்க வேண்டும்.

ரஃபீக், மே 9

முத்து சொல்வதில் பாதி சரி. ‘நான் இந்தப் பணத்தைக் கட்டவே இல்லை, யாரோ எடுத்துவிட்டார்கள்’ என்று சொல்லும்போது ஓடிபி பதிவு கடைக்காரருக்குக் காவல். அந்த வகையில் இழப்பு பெரும்பாலும் அட்டை கொடுத்த வங்கியின் பக்கம் வந்துவிடும். ஆனால் ‘நான்தான் கட்டினேன், பொருள் வரவில்லை’ என்பது வேறு வகை. அங்கே ஓடிபிக்கு வேலையே இல்லை. கட்டியதை யாரும் மறுக்கவில்லையே.

விஜயா, உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. பொருள் வராத வழக்கில் விசா 120 நாளைப் பணம் கட்டிய தேதியிலிருந்து எண்ணுவதில்லை, பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுகிறது. மாஸ்டர்கார்டிலும் இப்படித்தான். ஜனவரி 20-லிருந்து எண்ணினால் மே 20. இன்று 9, பதினொரு நாள் மீதம். அதற்காக 19-ஆம் தேதி போய் நிற்காதீர்கள். உங்கள் வங்கியும் தாளைப் பார்த்து அனுப்ப நாள் வேண்டும். சில வங்கிகள் வாடிக்கையாளருக்கு இதைவிடக் குறைந்த கெடுவைச் சொல்லியிருக்கும், அட்டை விதிகளில் பாருங்கள்.

கடைக்காரர் வாக்கைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அட்டைக்கு உண்மையிலேயே பணம் திருப்பியிருந்தால் ஏஆர்என் என்ற 23 இலக்க எண் உருவாகியிருக்கும். அதைக் கேளுங்கள். கொடுத்தால் உங்கள் வங்கியில் காட்டி எங்கே நிற்கிறது என்று விசாரிக்கலாம், அப்போது சில நாள் காத்திருப்பது சரி. ஏனென்றால் அவர் திருப்பும் நேரத்திலேயே நீங்கள் வங்கி வழியாகவும் இழுத்தால் பணம் இரண்டு முறை வந்து, அதைப் பிரிப்பது எல்லாருக்கும் பெரும்பாடு. எண்ணைத் தராமல் மறுபடி ‘அடுத்த வாரம்’ என்றால் நாளைக்கே போங்கள். ஆர்டர் பக்கத்தில் ஜனவரி 20 என்று இருக்கும் படம், அவருடைய வாட்ஸாப் பதில்கள், ‘வேண்டாம், பணத்தைத் திருப்புங்கள்’ என்று நீங்கள் எழுதியது, இந்த மூன்றும் போதும். மூன்றாவது இல்லையென்றால் இன்றே எழுதிவிடுங்கள். கடைக்காரரிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் வங்கி கேட்கும் முதல் கேள்வி. முத்துவுக்கு நடந்ததைத் தவிர்க்கத்தான் அந்தக் கேள்வியே.

காத்திருக்கவே கூடாத இடம் இரண்டு. உங்களுக்குத் தெரியாமல் பணம் போயிருந்தால் அட்டையை அப்போதே முடக்கிச் சொல்ல வேண்டும். வங்கி மீதும் உங்கள் மீதும் தவறில்லாத வெளியார் மோசடியில், 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 சுற்றறிக்கையில் சொன்னது. இன்னொன்று, விற்றவர் திவாலாகும்போது. 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸும் 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தின. அப்படி ஒரு நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டால், நேரே பணம் கேட்பவர் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நிற்க வேண்டும். அட்டை வழியாகப் போனால் விற்றவருடைய வங்கி பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜோசப், மே 10

ரஃபீக் அண்ணா, நல்ல தகவல். என் மைத்துனர் யுபிஐயில் எண் மாறி வேறொருவருக்கு 6,000 அனுப்பிவிட்டார். அதையும் இப்படி இழுக்கலாமா?

ரஃபீக், மே 10

அது அட்டை விவகாரம் இல்லை, ஜோசப். அவரே அனுப்பியது, அங்கே கடைக்காரரும் இல்லை. செயலியிலும் வங்கியிலும் உடனே சொல்லச் சொல்லுங்கள். ஆனால் பெற்றவர் சம்மதம் இல்லாமல் வருவது கடினம்.

வளர்மதி, மே 10

விஜயா அக்கா எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறொன்று உறைத்தது. இந்தச் செயலியிலும் ‘கம்ப்ளெயின்ட்’, ‘டிஸ்ப்யூட்’ என்று இரண்டு பொத்தான்கள். இரண்டையுமே ‘புகார்’ என்றால் ஆள் தவறான கதவைத் தட்டுவார், நாள் ஓடிவிடும். அக்காவுக்கு அப்படித்தான் நாற்பது நாள் போயிருக்கிறது. பிணக்கு புரியுமா? என் அம்மாவிடம் காட்டினேன், பிணத்தோடு சேர்த்துப் படித்தார். ‘இந்தக் கட்டணத்தை எதிர்க்கிறேன்’ என்று முழு வாக்கியமாகவே பொத்தானில் போடலாமா?

தர்சினி, மே 10

பொத்தானுக்கு வாக்கியம் நல்லது. ஆனால் எதிர்க்கிறேன் என்றால் ‘கட்டணம் அதிகம்’ என்று சண்டை போடுவதுபோல் இருக்கிறது. ‘ஆட்சேபிக்கிறேன்’ போடுங்கள்.

இளங்கோவன், மே 11

ஆட்சேபம் வடசொல். ‘மறுக்கிறேன்’ போதாதா?

ரஃபீக், மே 11

மறுப்பு கடைக்காரருடைய பதிலுக்கு வேண்டும் ஐயா. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வது? ஒரே சொல் வாங்கியவர் திரையிலும் விற்றவர் திரையிலும் வரும் என்பதை மறக்கக் கூடாது. நீங்கள் சொன்ன எதிர்ப்பற்று விற்றவருக்குச் சரி, அவர் கணக்கில் பற்றுதான் விழுகிறது. வாங்கியவருக்கு அது வரவு. அவர் திரையில் பற்று என்றால் இன்னொரு முறை பணம் போய்விட்டதென்று பயந்துவிடுவார்.

முத்து, மே 11

விற்கிற எங்களுக்குச் சார்ஜ்பேக் என்றாலே தெரியும். மாற்றினால்தான் குழப்பம்.

வளர்மதி, மே 11, இரவு

நாளை அனுப்ப வேண்டும் என்பதால் முடிவெடுத்துவிட்டேன். ‘ரீஃபண்ட்’ கடை தரும் மீளளிப்பு. ‘சார்ஜ்பேக்’ வாங்குபவர் திரையில் ‘வங்கிவழி மீட்பு’, விற்பவர் திரையில் சார்ஜ்பேக் என்றே. பொத்தானில் ‘இந்தக் கட்டணத்தை ஆட்சேபிக்கிறேன்’. நிலைகள்: மீட்பு கோரப்பட்டது, தற்காலிக வரவு, கடை மறுத்தது, முடிவானது. உதவிப் பக்கத்தில், வருவதாகச் சொன்ன தேதியைக் குறித்துவைக்கச் சொல்லும் வரியை முதலில் போட்டேன். மீளறவீட்டை விட மனமில்லை. ஆனால் கோவையில் நான் கேட்ட ஆறு பேரில் ஒருவருக்கும் புரியவில்லை.

விஜயா, மே 12

ஏஆர்என் கேட்டேன். ‘அது என்ன எண்?’ என்று திருப்பிக் கேட்டார். இன்று காலை வங்கியில் ஆட்சேபம் கொடுத்துவிட்டேன். விண்ணப்பத்தில் காரணமாக ‘பொருள் வரவில்லை’ என்று ஒரு கட்டம் இருந்தது.

இளங்கோவன், மே 12

வளர்மதி, மீட்பு என்றால் மீட்டாயிற்று என்றுதான் பொருள். கோரப்பட்டது, மறுத்தது என்று பக்கத்தில் ஒட்டுப் போட வேண்டியிருப்பதே சொல் பொருந்தவில்லை என்பதைக் காட்டுகிறது. அடுத்த பதிப்பில் ‘திரும்பப்பற்று’ என்பதை ஒருமுறை மக்களிடம் காட்டிப் பாருங்கள். பற்றாசு பற்றிய குறிப்பைத் தனி மடலில் அனுப்புகிறேன்.