பறங்கி அப்பா, தமிழ் அம்மா: என் கதாநாயகிக்குப் பெயர் ஒட்டவில்லை, உதவுங்கள்

உப்புவெளி:
குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். நாயகி 1958இல் திருகோணமலைப் பாலையூற்றில் பிறந்தவள். அப்பா பறங்கியர், போர்த்துக்கேயர் ஒல்லாந்தர் வழி வந்தவர். கடற்படைத் தளத்தில் தச்சு வேலை பார்த்தவர், 1957இல் வெள்ளைக்காரர் தளத்தை விட்டுப் போனதும் வீட்டிலேயே பட்டறை போட்டவர். அம்மா தமிழ்க் கத்தோலிக்கர். நான் வைத்த பெயர் 'கார்த்திகா பெர்னாண்டோ'. வாசித்த மூன்று பேரும் "சிங்களப் பிள்ளையா?" என்றுதான் கேட்டார்கள். எங்கே பிழை?

கொட்டியாரத்தான்:
பெர்னாண்டோ வேண்டாம். 'டி' வருகிற மாதிரி ஒன்று போடுங்கள். டி சில்வா, டி சொய்சா. அது கேட்டவுடனே பறங்கி என்று தெரியும்.

பழைய கிளாக்கர்:
தம்பி கொட்டியாரம், பெர்னாண்டோவை விடச் சொன்னது சரி, மாற்று சரியில்லை. டி சில்வாவும் டி சொய்சாவும் இங்கே சிங்களக் குடும்பங்களில்தான் அதிகம். போர்த்துக்கேயர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற சிங்களவரும் தமிழரும் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். மன்னார்ப் பக்கம் குரூஸ், மொராயஸ் என்று அசல் தமிழர் இருக்கிறார்கள். ஆகவே போர்த்துக்கேயப் பெயர் என்பதால் மட்டும் ஆள் பறங்கி ஆகிவிடாது.

கிழக்கில் பறங்கியரிடம் கேட்கிற பெயர்கள் வேறு: பார்த்தலட், அவுட்ஸ்கூன், ரகல், செல்லர். தமிழில் எழுதும்போது வீட்டுக்கு வீடு எழுத்து மாறும், நீங்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

இரண்டாவது பிழை 'கார்த்திகா'. கத்தோலிக்கத் தாய்தகப்பன் 1958இல் அந்தப் பெயரோடு கோயிலுக்குப் போயிருப்பார்களா? புனிதர் பெயர் ஒன்று முன்னால் நிற்கும், வீட்டில் கூப்பிட அம்மா வேறொன்று வைத்திருப்பா. 'ரீற்றா லீலாவதி' என்று எழுதி, வீட்டில் 'லீலா' என்று கூப்பிட விடுங்கள். ரீற்றாவை அப்பா பக்கமும் சொல்லும், அம்மா பக்கமும் சொல்லும். எழுத்திலும் கவனம்: எங்கள் ஊர்ப் பழைய பெயர்களில் 'ற்ற' போடுவோம். 'ரீட்டா' என்று எழுதினால் இந்தியக் கதை மாதிரித் தெரியும்.

நிலாவெளி மகள்:
எனக்கும் இதே பிரச்சினைதான்! அப்பா தமிழ், அம்மா சிங்களம். எங்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை, அப்பாவின் பெயரைத்தான் பின்னால் போடுவோம். கனடாப் படிவத்தில் அதையே குடும்பப் பெயராக எழுதிவிட்டேன். அப்பாவுக்கு அவருடைய அப்பாவின் பெயர் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர் ஏன் என்று அதிகாரி கேட்டார். அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. நீங்கள் பெயர் மாற்றுவது பற்றித்தானே கேட்கிறீர்கள்?

பழைய கிளாக்கர்:
இல்லை பிள்ளை, இவர் கதைக்குப் பெயர் தேடுகிறார். ஆனால் நீங்கள் சொன்னது இவருக்குத்தான் பயன்படும். உப்புவெளி, அப்பா தமிழராகவும் அம்மா பறங்கியாகவும் இருந்திருந்தால், பார்த்தலட் என்ற பெயர் அம்மாவோடு நின்றிருக்கும். பறங்கியரிடம் அது தகப்பன் வழியில்தான் இறங்கும். எந்தப் பக்கம் அப்பா என்பதை முதலில் முடிவு செய்யாமல் பெயரைத் தேடினால் பிழைக்கும். உங்கள் கதையில் அது சரியாகவே இருக்கிறது.

இனி சத்தம் போட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். 'லீலா அவுட்ஸ்கூன்': ஆவும் அவும் முட்டி, தமிழ் வாயில் 'லீலாவவுட்ஸ்கூன்' ஆகிவிடும். 'லீலா ரகல்' வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் பள்ளிக்கூடத்தில் 'ரகளை' என்று நக்கலடிப்பார்கள். அது வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு அத்தியாயம் கிடைக்கும். 'லீலா பார்த்தலட்' எனக்குப் பிடித்தது. முதற்பெயர் இரண்டு அசை, பின்னது கொஞ்சம் நீளம், நடுவில் மெய் வந்து பிரித்துவிடுகிறது.

கொட்டியாரத்தான்:
செல்லர் என்றால் ஊரில் யாரோ பெரியவர் பெயர் மாதிரி அல்லவா கேட்கிறது? 'செல்லர் வந்தார்' என்பது போல.

பழைய கிளாக்கர்:
அதுதான் அதன் வில்லங்கம். இரண்டு பக்கமும் பொருந்துகிறது, அதனாலேயே பறங்கி என்று யாருக்கும் தெரியாது. அறியாத ஒருவர் அவளைத் தமிழ்ப்பிள்ளை என்று நினைக்க வேண்டிய காட்சி இருந்தால் இதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

உப்புவெளி:
ஐயா, அப்படி ஒரு காட்சி இருக்கிறது! பஸ்ஸில் ஒருவர் "எந்த ஊர்ச் செல்லர் பிள்ளை?" என்று கேட்பது போல மாற்றலாம். ஆனால் மூன்றாம் அத்தியாயத்தில் அவள் தமிழ்ப் பையனைக் கட்டுகிறாள். அதற்குப் பிறகு அவன் பெயர் வந்துவிடுமே? செல்லர் அங்கேயே போய்விடுகிறதா?

நிலாவெளி மகள்:
என் சிநேகிதி கட்டிய பிறகும் அப்பாவின் பெயரைத்தான் எழுதுகிறா. அடையாள அட்டையிலும் அதுதான்.

பழைய கிளாக்கர்:
அது இந்தக் காலம். 1980 வாக்கில் ஊரார் அவளைத் 'திருமதி' போட்டுப் புருஷன் பெயரில்தான் கூப்பிட்டிருப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் மட்டும் பழையது இருக்கும். பட்டறையில் அப்பா அவளை என்னவென்று கூப்பிடுவார் என்று யோசித்தீர்களா? லீலாவா, ரீற்றாவா?

உப்புவெளி:
இல்லை. அதை இன்னும் யோசிக்கவில்லை.