ரொக்கமாகக் கொடுத்த பூ விலை: எது நின்றது, எது விழுந்தது

அல்சூர் அலங்காரம்

பெங்களூரில் பதினெட்டு ஆண்டுகளாகத் திருமண மேடை அலங்காரத் தொழில் செய்து வருகிறேன். 2022-23ஆம் நிதியாண்டில் என் விற்றுமுதல் 2 கோடியே 36 லட்சம். அந்த ஆண்டுக் கணக்கு ஆய்வுக்கு எடுக்கப்பட்டு, ரொக்கப் புத்தகத்தை இணையத்தில் ஏற்றியபின், 62 பதிவுகளைப் பட்டியலிட்டு விளக்கம் கேட்டார்கள். ஒரே நாளில் ஒரே நபருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவுகள் அவை. மொத்தம் 11,86,400 ரூபாய். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவின்படி அவற்றை ஏன் செலவாக ஏற்க வேண்டும் என்பதே கேள்வி. வரித் தணிக்கைப் படிவம் 3சிடியில் என் தணிக்கையாளர் இத்தகைய ரொக்கச் செலவு ஏதும் இல்லை என்று எழுதியிருந்ததால், கேட்டவருக்குச் சந்தேகம் கூடியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

என் முதல் பதில் சரியான பதில் அல்ல என்பதை இப்போது உணர்கிறேன். "கொள்முதல் அனைத்தும் உண்மையானவை, சீட்டுகள் உள்ளன, விற்றவர்கள் இன்னார் என்று தெரியும்" என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். "உண்மைத்தன்மையை யாரும் கேள்விக்கு உள்ளாக்கவில்லை, காசோலையிலோ மின்வழியிலோ செலுத்தாததற்குக் காரணம் கூறவும்" என்று மறு அறிவிப்பு வந்தது. உண்மையான செலவு என்று நிரூபிப்பதும், அந்த நாளில் ரொக்கம் ஏன் தவிர்க்க முடியாததாயிற்று என்று நிரூபிப்பதும் வேறுவேறு என்பது அப்போதுதான் புரிந்தது.

இரண்டாவது பதிலில் 62 பதிவுகளையும் பெறுபவர் வாரியாக நான்காகப் பிரித்தேன். ஓசூர் பக்கத்து மூன்று விவசாயிகளுக்குக் கொடுத்தது 5,42,000 ரூபாய். தோட்டக்கலை விளைபொருளை விளைவித்தவரிடமே வாங்கினால் விதி 6டிடி விலக்கு அளிக்கிறது. ஆனால் அவர் விளைவித்தவர்தான் என்பதற்குச் சான்று வேண்டும். சிட்டாவும் அடங்கலும் வாங்கி இணைத்தேன். ஒருவருடைய அடங்கலில் செண்டுமல்லி பயிரிட்ட நிலத்துக்கு எதிரே "கேழ்வரகு" என்று பதிவாகியிருந்ததை அலுவலர் கண்டுபிடித்துக் கேட்டுவிட்டார். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தப் பருவத்தில் பூ விளைந்தது என்று சான்றிதழ் பெற்று அனுப்பியபின் முழுத் தொகையும் ஏற்கப்பட்டது.

சரக்கு லாரி வாடகை 1,12,400 ரூபாய்க்கு அதிகம் எழுத வேண்டியிருக்கவில்லை. சரக்கு வாகன வாடகைக்கு வரம்பு 35,000 என்பதைச் சுட்டிக்காட்டினேன். ஐந்து பதிவுகளும் அதற்குள் இருந்ததால் விட்டுவிட்டார்கள். பந்தல் கூலி 61,000 ரூபாய் மேஸ்திரி பெயரில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அது பதினைந்து பதினேழு ஆட்களுக்குத் தலைக்கு ஏறத்தாழ 900 வீதம் பிரித்துக் கொடுக்கப்பட்ட பணம். கையொப்பத்துடன் கூலிப் பதிவேடு இருந்ததால், தனி நபருக்கு வரம்பு மீறவில்லை என்ற வாதம் நின்றது.

விழுந்தது மண்டி. கே.ஆர். மார்க்கெட்டில் ஒரு கமிஷன் ஏஜென்ட்டுக்கு 38 நாள்களில் கொடுத்த 4,71,000 ரூபாய் முழுவதும் நிராகரிக்கப்பட்டது. 30 சதவீத அடுக்கில் இருப்பதால் கூடுதல் வரி மட்டும் செஸ் சேர்த்து ஏறத்தாழ 1,47,000 ரூபாய், வட்டி தனி. இதில் நான் கூறிய காரணங்களையும் அவை ஏன் ஏற்கப்படவில்லை என்பதையும் கீழே எழுதுகிறேன். அதற்கு முன், உங்களில் யாருக்கேனும் இத்தகைய அனுபவம் உண்டா?

சிக்பேட் ஜவுளி

எனக்கும் இதே போன்ற அறிவிப்பு வந்தது. ஒரு கல்யாண வீட்டார் புடவைக்காக 2,40,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்தார்கள். அதற்கு அபராதம் கேட்டார்கள்.

ராஜாஜிநகர் கணக்குப்பிள்ளை

ஐயா, உங்களுடையது வேறு. நீங்கள் ரொக்கம் வாங்கியவர். அதற்கு 269எஸ்டி என்ற தனிப் பிரிவும் 2 லட்சம் என்ற தனி வரம்பும் உண்டு. இங்கே பேசுவது கொடுத்தவரின் செலவைப் பற்றி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பதில் எழுதினால் இரண்டும் கெட்டுவிடும்.

யஷ்வந்த்பூர் மளிகை

முகூர்த்தம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். அன்று வங்கி விடுமுறை. வங்கி மூடிய நாளில் கொடுத்த பணத்துக்கு விலக்கு உண்டு என்று என் தணிக்கையாளர் முன்பு கூறியிருக்கிறார். அதை ஏன் எழுதவில்லை? மேலும், 10,000க்குக் குறைவாக இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்திருந்தாலும் இந்தத் தொல்லை வந்திருக்காதே.

ராஜாஜிநகர் கணக்குப்பிள்ளை

உங்கள் தணிக்கையாளர் கூறியது ஒருகாலத்தில் சரி. விடுமுறை, வேலைநிறுத்தம் என்று வங்கி மூடிய நாளுக்கான உட்பிரிவு 2020 ஜனவரியில் விதியிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. 2022-23 கணக்குக்கு அதை எழுதினால் பதில் பலவீனமாகத் தெரியும். சீட்டைப் பிரிப்பதிலும் பாதிதான் சரி. ஒரே நாளில் ஒருவருக்குக் கொடுத்தவை எத்தனை சீட்டானாலும் கூட்டிப் பார்க்கப்படும். வேறு வேறு நாள்களில் கொடுத்தால் மட்டுமே தனித்தனியாக நிற்கும்.

அலங்காரம் ஐயாவுக்கு ஒன்று. இந்த வரம்பு 2017 ஏப்ரலுக்கு முன் 20,000 ஆக இருந்தது. பழைய காலத்து விதியில், பணம் பெறுபவருக்கு உண்மையான சிரமம் இருந்தால் ரொக்கத்தை ஏற்கலாம் என்று வெளிப்படையாகவே ஓர் உட்பிரிவு இருந்தது. அதை 1995இல் எடுத்துவிட்டார்கள். 1991இல் அத்தர் சிங் குர்முக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தப் பிரிவு செல்லும் என்றும், உண்மையான பரிவர்த்தனையை ஒடுக்குவது இதன் நோக்கம் அல்ல என்றும் கூறியது. இன்றும் எல்லோரும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது பழைய உட்பிரிவு உயிரோடு இருந்த காலத்துத் தீர்ப்பு என்று துறை பதில் கூறுகிறது. 2014இல் குஜராத் உயர் நீதிமன்றம், மொபைல் ரீசார்ஜ் விநியோகஸ்தர் ஒருவரின் வழக்கில், நிறுவனமே ரொக்கத்தை வலியுறுத்தியதால் செலவை ஏற்றுக்கொண்டது. ஆகவே வாதம் இருக்கிறது. முடிவு ஒவ்வொருவருடைய காகிதத்தையும் பொறுத்தது. நீங்கள் மண்டிக்கு என்ன எழுதினீர்கள்?

அல்சூர் அலங்காரம்

இப்படி எழுதினேன்: "கொள்முதல் அதிகாலை மூன்று மணி முதல் ஐந்து மணிக்குள் நடைபெறுகிறது. பூவின் விலை மணிக்கு மணி மாறுவதால், விலை பேசிய அந்த நிமிடத்திலேயே பணம் கொடுக்காவிட்டால் கூடை அடுத்தவருக்குப் போய்விடும். அன்றைய சரக்கைக் கொண்டு வந்த விவசாயிகளுக்கு ஏஜென்ட் அங்கேயே ரொக்கம் கொடுத்து அனுப்புவதால், அவர் எங்களிடமும் ரொக்கமே கேட்டார். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு மேடை தயாராக வேண்டிய கட்டாயத்தில் வேறு இடம் தேட வழியில்லை." ஏஜென்ட்டிடம் இதை உறுதிசெய்யும் கடிதம் வாங்கி இணைத்தேன்.

அலுவலர் என் வங்கிக் கணக்கையே எடுத்து எதிரே வைத்தார். அதே ஏஜென்ட்டுக்கு அதே ஆண்டில் 40 முறைக்கு மேல் யுபிஐ வழியாக அனுப்பியிருக்கிறேன். அவற்றில் பலவும் அதிகாலை நான்கு மணிப் பரிவர்த்தனைகள். "அவர் ரொக்கமே கேட்டார்" என்ற என் வாசகமும் அவர் கொடுத்த கடிதமும் அந்த ஒரு பக்கத்தில் பொய்யாகிவிட்டன. உண்மை என்னவென்றால், கையில் முன்பணம் இருந்த நாளில் ரொக்கம் கொடுத்தேன். இல்லாத நாளில் போனை நீட்டினேன்.

ஐந்து நாள்களுக்கு மட்டும் வலுவான காரணம் இருந்தது. அந்த நாள்களில் நள்ளிரவுக்குப் பிறகே வாழைமரம், தோரணம், விளக்கு என்று மற்றவர்களுக்கு அனுப்பி, யுபிஐயின் நாள் வரம்பான ஒரு லட்சம் தீர்ந்துபோயிருந்தது. வங்கிப் பதிவில் அது நேரத்துடன் தெரிந்தது. தொகை 63,500 ரூபாய். அதற்கும், நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தே இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டார்கள். அதிகாலையில் சேற்றில் நின்றுகொண்டு ஏஜென்ட்டின் கணக்கு எண்ணைப் புதிதாகச் சேர்த்து நெஃப்ட் அனுப்பும் காட்சியை அவர் கற்பனை செய்து பார்த்திருப்பாரா என்று தெரியவில்லை. ஆனாலும் சட்டப்படி அவர் கேட்டதில் தவறில்லை.

பீன்யா பழைய இரும்பு

நான் இதே நிலையில் மேல்முறையீடு செய்யவில்லை. என் தொகை 90,000 ரூபாய்தான். வரியைக் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன். சில்லறையாகச் சேகரிப்பவர்களிடம் வாங்குகிறேன், அவர்களுக்கு வங்கியே கிடையாது என்று எழுதியதை ஏற்கவில்லை. இருந்தாலும் உங்கள் தொகைக்கு விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை, விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தையே லாபமாகக் காட்டும் 44ஏடி பிரிவில் போய்விடுங்கள். 3 கோடி வரை அனுமதி, இந்தக் கேள்வியே எழாது.

ராஜாஜிநகர் கணக்குப்பிள்ளை

44ஏடியில் இந்தக் கேள்வி எழாது என்பது சரி. ஆனால் 3 கோடி என்ற வரம்பு 2023-24 நிதியாண்டிலிருந்துதான் வந்தது. அதுவும் ரொக்க வரவு 5 சதவீதத்துக்கு மிகாதவர்களுக்கு. கல்யாண வீட்டில் பாதிப் பணம் கவரில் வரும் தொழிலுக்கு அதை நம்ப முடியாது.

அலங்காரம் ஐயா, அந்த ஏஜென்ட் கடிதத்தை மேல்முறையீட்டில் மறுபடியும் முன்னால் வைக்காதீர்கள். 63,500 ரூபாயைத் தனிக் காரணமாக, நாள்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். மொத்தத்தில் கலந்தால் அதுவும் போய்விடும். இன்னொரு கேள்வி. மண்டிச் சீட்டில் பூவைக் கொண்டுவந்த விவசாயியின் பெயர் எங்கேனும் உண்டா? பூ விலை விவசாயிக்கும் கமிஷன் தொகை மட்டும் ஏஜென்ட்டுக்கும் என்று சீட்டே காட்டுமானால், விளைவித்தவருக்குக் கொடுத்த பணம் அது என்று வாதாடலாம். ஏஜென்ட் பெயரில் மட்டும் இருந்தால் அவர் வியாபாரியாகவே கருதப்படுவார். அப்போது விலக்கு கிடைப்பது கடினம்.

அல்சூர் அலங்காரம்

நேற்று 38 சீட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் ஏஜென்ட் பெயர் மட்டுமே. ஆனால் ஒன்பது சீட்டுகளின் பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் ஊர்ப் பெயரின் முதலெழுத்தும் ஒரு பெயரும் கூடை எண்ணிக்கையும் எழுதியிருக்கின்றன. எடை போடும் பையன் தன் கணக்குக்காகக் குறித்துக்கொண்டது. தொகை 1,14,200 ரூபாய் வருகிறது. 63,500 இதில் சேரவில்லை.

இன்று அதிகாலை மண்டிக்குப் போய், அந்த ஒன்பது நாள்களின் நாட்புத்தகத்தைப் பார்க்கக் கேட்டேன். ஏஜென்ட் தேநீர் வாங்கிக் கொடுத்தார், புத்தகத்தைத் தரவில்லை. "உங்களுக்குக் காட்டினால் அடுத்து எனக்குத்தானே அண்ணா நோட்டீஸ் வரும்" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருக்கிறது. முதல் சுற்றில் கொடுக்காத சான்றை மேல்முறையீட்டில் புதிதாக ஏற்க விதி 46ஏயின்படி காரணம் காட்ட வேண்டுமாம். பென்சில் குறிப்பை இத்தனை நாள் நானே கவனிக்கவில்லை என்பதைக் காரணமாக எழுதினால் ஏற்பார்களா என்று கணக்குப்பிள்ளை ஐயா சொல்ல வேண்டும். ஆணை கிடைத்த நாளிலிருந்து முப்பது நாளில் பதினெட்டு நாள் போய்விட்டது.