பவ்லோவா ஓவனுக்குள்ளேயே வெடிக்கிறது, அடியில் பாகு கசிகிறது. ஞாயிறுக்குள் உதவி வேண்டும்

பனங்குருத்து (புதன், இரவு 9.40)

வணக்கம், அவசரம். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள். மெல்பேர்ணிலிருந்து சித்தி வந்து நிற்கிறார், பவ்லோவா செய்து தருகிறேன் என்று நான் வாய் விட்டுச் சொல்லிவிட்டேன். இரண்டு தரம் செய்தேன், இரண்டு தரமும் ஒரே கதைதான். சுடும்போது வெள்ளையாக, அழகாக எழும்பி நிற்கிறது. ஓவனை நிறுத்தி உள்ளேயே ஆறவிட்டால் மேல் ஓடு வெடித்து நடு இறங்கிவிடுகிறது. காலையில் பார்த்தால் அடியில் பாகு தேங்கி நிற்கிறது. செய்முறையில் சொன்னபடிதான் எல்லாம் செய்தேன். எங்கே பிழை? முட்டை விற்கிற விலையில் மூன்றாம் தரமும் வீணாக்க மனமில்லை.

இணுவில் வீடு (புதன், இரவு 9.58)

எனக்கும் இதேதான் தங்கச்சி. போன மாதம் பட்டர் கேக் நடுவில் மலை மாதிரி வெடித்தது. பேக்கிங் பவுடரை அரைத் தேக்கரண்டி குறைத்தேன், சரியாகிவிட்டது. நீங்களும் குறைத்துப் பாருங்கள்.

கொக்குவில் குசினி (புதன், இரவு 10.05)

அக்கா, பவ்லோவாவில் பேக்கிங் பவுடரே இல்லை. அது வெள்ளைக்கருவும் சீனியும்தான்.

பனங்குருத்து, செய்முறையில் சொன்னபடி என்றால் எங்களுக்கு ஒன்றும் விளங்காது. என்ன ஓவன், கரண்டா காஸா? எத்தனை பாகையில் எவ்வளவு நேரம்? நிறுத்திய பிறகு கதவு மூடியிருந்ததா, திறந்திருந்ததா? என்ன சீனி? கசிந்த பாகு தண்ணீர் நிறமா, பொன்னிறமா? கடைசிக் கேள்விக்குக் கட்டாயம் பதில் சொல்லுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் பிடிபடும்.

வெதுப்பகத்தான் (புதன், இரவு 10.31)

இந்தக் கேள்விக்கு நான் இங்கே எத்தனை தரம் பதில் எழுதியிருக்கிறேன் என்று தேடிப் பார்த்திருந்தால் புது இழை தொடங்கத் தேவையே இருந்திருக்காது. இருபது வருடமாகக் கேக் அடிக்கிறேன். ஓவனை நிறுத்தியதும் கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி விடவேண்டும். உள்ளே நிற்கிற நீராவி வெளியே போகாவிட்டால் ஓடு இளகும், கசியும். ஆரம்பக்காரர் எல்லோரும் கதவை இறுக்கி மூடிவிட்டுப் படுக்கப் போவார்கள், விடிய வந்து அழுவார்கள். வேறொன்றும் இல்லை.

பனங்குருத்து (வியாழன், காலை 6.15)

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதியது. மேசையில் வைக்கிற சின்னக் கரண்ட் ஓவன், 30 லீட்டர். முதலில் 150இல் சூடாக்கி, வைத்ததும் 120க்குக் குறைத்து ஒன்றேகால் மணித்தியாலம். பிறகு நிறுத்திவிட்டு மரக்கரண்டி செருகித்தான் வைத்தேன் ஐயா, மூடவில்லை. பத்து நிமிடத்திலேயே டிக் டிக் என்று வெடிக்கிற சத்தம் கேட்டது. 4 வெள்ளைக்கரு, 220 கிராம் சீனி, கோர்ன்பிளவர் 2 தேக்கரண்டி, வினாகிரி 1. கடையில் விற்கிற சாதாரண சீனிதான். பாகு தண்ணீர் நிறம்.

ஒக்லாந்து அடுப்படி (வியாழன், காலை 7.02)

பிள்ளை, நீங்கள் சொன்னதில் இரண்டு வேறு பிரச்சினை இருக்கிறது. ஒன்றாகப் போட்டுக் குழப்பாமல் வெடிப்பை முதலில் பார்ப்போம்.

சூடாக இருக்கும்போது மேல் ஓடு கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஆறினால் கண்ணாடி மாதிரி விறைத்துவிடும். உள்ளே இருக்கிற பஞ்சு முழுக்கச் சூடான காற்றும் ஆவியும், ஆற ஆற அது சுருங்கி இறங்கும். ஓடும் பஞ்சும் சேர்ந்து ஆறினால் ஓடும் கூடவே மெல்ல இறங்கும். ஓடு முந்திக்கொண்டு விறைத்துவிட்டால், பஞ்சு பிறகு கீழே இழுக்கும்போது அதற்கு வெடிப்பதைத் தவிர வழியில்லை. நீங்கள் கேட்ட டிக் டிக் அதுதான்.

ஓவனுக்குள்ளேயே ஆறவிடு என்று எழுதுகிறவர்கள் சுவரில் பதித்த பெரிய ஓவனை நினைத்து எழுதுகிறார்கள். இங்கே என் வீட்டு ஓவன் நிறுத்தி இரண்டு மணித்தியாலம் கழிந்தும் கைக்குச் சுடும். மேசை ஓவன் மெல்லிய தகரம், சூட்டைப் பிடித்து வைக்க அதில் ஒன்றும் இல்லை. அதிலும் கரண்டியைச் செருகினால் இருபது நிமிடத்தில் சூடு போய்விடும். வெளியே எடுத்து மேசையில் வைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அதனால் சூட்டை நீங்களே படிப்படியாக இறக்கவேண்டும். சுட்டு முடிந்ததும் நிறுத்தாமல் 90க்கு இறக்கி 20 நிமிடம், பிறகு 70இல் 20 நிமிடம், அதன் பிறகு நிறுத்துங்கள். வீட்டில் கனமான இரும்புத் தோசைக்கல் இருந்தால் அதைக் கீழ்த்தட்டு வலையில் வைத்து, தொடக்கத்திலேயே 40 நிமிடம் ஓவனோடு சேர்த்துக் காயவிடுங்கள். சூடேறும் கம்பியில் முட்டக்கூடாது. பிறகு அது மெல்ல மெல்லச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். கதவு மூடியே இருக்கட்டும். கதவுக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தால் உடம்புச் சூடு மாதிரித் தெரியும் வரை திறக்காதீர்கள். எட்டிப் பார்க்கவும் வேண்டாம்.

வெதுப்பகத்தான் (வியாழன், காலை 8.20)

மூடி வைத்தால் ஆவி எங்கே போகும்? ஓடு நனையும். நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை, கைப்பழக்கத்தில் சொல்கிறேன்.

ஒக்லாந்து அடுப்படி (வியாழன், காலை 8.44)

உங்கள் கைப்பழக்கம் பெரிய ஓவனில் வந்தது அண்ணை, அங்கே நீங்கள் சொல்வது சரியாக வரும். காஸ் ஓவன் என்றால் இன்னும் சரி, காஸ் எரியும்போதே நீராவி வரும், அதை வெளியே விடத்தான் வேண்டும். ஆனால் இவரது மேசை ஓவன் கதவு எப்படியும் இறுக்கமாக மூடாது, ஆவி இடுக்கால் போய்விடும். அதோடு இப்போது யாழ்ப்பாணத்தில் மாரி. கரண்டி செருகினால் வாடைக்காற்றின் ஈரம்தான் உள்ளே வரும்.

யாரா நதிக்கரை (வியாழன், காலை 9.10)

மெல்பேர்ணிலிருந்து எழுதுகிறேன். சித்திக்கு எங்கள் நாட்டுப் பண்டத்தையே செய்துகொடுக்கப் போகிறீர்கள், சந்தோஷம். 1935இல் பேர்த் நகர ஹோட்டல் ஒன்றில் பேர்ட் சாக்ஸ் என்ற சமையற்காரர் செய்ததுதான் முதல் பவ்லோவா.

ஒக்லாந்து அடுப்படி (வியாழன், காலை 9.26)

இதை மட்டும் விடமுடியாது. அன்னா பவ்லோவா 1926இல் இரண்டு நாட்டுக்கும் ஆடவந்தார். அவர் பெயரில் மெரிங் செய்முறைகள் 1935க்கு முன்பே நியூசிலாந்தில் அச்சில் வந்துவிட்டன. ஒட்டாகோ பல்கலைக்கழகத்தின் ஹெலன் லீச் தேடித் தொகுத்து வைத்திருக்கிறார்.

யாரா நதிக்கரை (வியாழன், காலை 9.51)

1927இல் உங்கள் நாட்டில் அந்தப் பெயரில் வந்தது பல நிற ஜெலி. ஜெலியைப் பவ்லோவா என்று ஒத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா?

ஒக்லாந்து அடுப்படி (வியாழன், காலை 10.03)

ஜெலியை நான் கணக்கில் எடுக்கவே இல்லை, மெரிங்கைத்தான் சொன்னேன்.

இணுவில் வீடு (வியாழன், காலை 10.40)

பெயர் யாருடையதாக இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு வழி சொல்லுங்கள்.

கொக்குவில் குசினி (வியாழன், முற்பகல் 11.15)

அக்கா சொன்னது சரி. பாகு விஷயத்துக்கு இன்னும் ஒருவரும் வரவில்லை.

பனங்குருத்து, பாகு ஓட்டின் மேல் பொன்னிற முத்து முத்தாக நின்றிருந்தால் கூடச் சுட்டுவிட்டீர்கள் என்று சொல்லியிருப்பேன். அடியில் தண்ணீர் நிறத்தில் தேங்கினால் சீனி கரையவில்லை, அல்லது உள்ளே வேகவில்லை. எங்கள் கடைச் சீனி பெரிய மணி. அதை அப்படியே கொட்டி அடித்தால் மேலுக்கு விறைப்பாகத் தெரியும், உள்ளே மணி கிடக்கும். அந்த மணிதான் பிறகு தண்ணீரை இழுத்துப் பாகாகி வழிகிறது. மிக்ஸியில் ஐந்தாறு தரம் விட்டு விட்டு அரையுங்கள், மாவாக்க வேண்டாம், ரவை பதம் போதும். பீற்றர் ஓட ஓட ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேருங்கள். முடிந்ததும் ஒரு சொட்டை எடுத்து இரண்டு விரலுக்கிடையில் உரசிப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் இன்னும் அடிக்கவேண்டும். எனக்குக் கையில் பிடிக்கிற பீற்றரில் பதின்மூன்று நிமிடம் பிடித்தது.

இன்னொன்று கேட்க வேண்டும். இரவு முழுக்க அதை எங்கே வைத்தீர்கள்?

பனங்குருத்து (வியாழன், மாலை 5.30)

பிரிட்ஜில். பத்து மணிக்குத் தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது, எறும்புக்குப் பயந்து பிரிட்ஜில் வைத்துவிட்டுப் படுத்தேன். கேக் எல்லாம் அப்படித்தானே வைப்போம், அதனால் சொல்லவில்லை.

ஒக்லாந்து அடுப்படி (வியாழன், இரவு 7.12)

அதுதான் பிள்ளை. சீனி ஓடு ஈரத்தை எங்கிருந்தாலும் இழுக்கும். பிரிட்ஜுக்குள் இருக்கிற ஈரம் ஒரு பக்கம், காலையில் வெளியே எடுக்கும்போது குளிர்ந்த ஓட்டில் வேர்க்கிற தண்ணீர் இன்னொரு பக்கம். சீனி நன்றாகக் கரைந்திருந்தாலும் அது கசிந்திருக்கும். முழுக்க ஆறியதும் இறுக்கமாக மூடுகிற பெரிய பிஸ்கட் பேணிக்குள் வையுங்கள். துளி சூடு இருந்தாலும் மூடவேண்டாம், உள்ளே வேர்க்கும். எறும்புக்குப் பேணியைத் தண்ணீர்த் தட்டத்தின் நடுவில் வைத்தால் போதும். கிறீமும் பாசன்புரூட்டும் பரிமாறுவதற்கு முன் கடைசி நிமிடத்தில்.

வெதுப்பகத்தான் (வியாழன், இரவு 8.05)

பிரிட்ஜை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு விதமாகப் பதில் எழுதியிருப்பேன். முழு விபரம் தராமல் கேட்பதால் வருகிற வினை இது. ஆனாலும் கதவு விஷயத்தில் நான் மாறவில்லை. நிறுத்தும் நேரத்தில் ஒரே ஒரு தரம் திறந்து ஆவியை விட்டு மூடினால் ஓடு மொறுமொறுப்பாக வரும்.

கொக்குவில் குசினி (வியாழன், இரவு 8.30)

ஒரு தரம் திறந்து மூடினால் சின்ன ஓவனில் எவ்வளவு சூடு இறங்குகிறது என்று ஓவன் தெர்மோமீற்றர் வைத்திருக்கிற யாராவது அளந்து சொன்னால் நல்லது. என்னிடம் இல்லை. என்னுடையதை நான் மூடித்தான் வைக்கிறேன். ஓரத்தில் மயிரிழை போல ஒரு கோடு வரும், கிறீம் போட்டால் தெரியாது.

யாரா நதிக்கரை (வெள்ளி, காலை 6.40)

எங்கள் வீட்டில் இரவு சுட்டு விடியும்வரை ஓவனிலேயே விடுவோம். இங்கே காற்று காய்ந்தது, சரியாக வரும். யாழ்ப்பாணத்து மழையில் அப்படி விடச் சொல்லமாட்டேன். பகலில் சுட்டு மாலைக்குள் பேணியில் மூடிவிடுங்கள்.

பனங்குருத்து (ஞாயிறு, இரவு 10.50)

நேற்றுக் காலை செய்தேன். சீனியை அரைத்தேன், தோசைக்கல் வைத்தேன், 90, 70 என்று இறக்கி மூடியே விட்டேன். கண்ணாடி கைச்சூட்டுக்கு வர இரண்டரை மணித்தியாலம் ஆனது. இடது ஓரத்தில் ஒரே ஒரு வெடிப்பு, நடு கொஞ்சம் இறங்கியது, கிறீம் அதற்குள் அழகாக உட்கார்ந்துகொண்டது. அடியில் ஒரு சொட்டுப் பாகுகூட இல்லை. சித்தி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார். எல்லோருக்கும் நன்றி, பாத்திரம் கழுவக் கிடக்கிறது, படம் நாளைக்குப் போடுகிறேன்.

இணுவில் வீடு (திங்கள், காலை 7.30)

சந்தோஷம் தங்கச்சி. மிஞ்சிய நாலு மஞ்சள் கருவை என்ன செய்தீர்கள்?