பழைய ஸ்டுடியோவில் நெகட்டிவ் டச்சிங் செய்தவர்கள் இருக்கிறீர்களா?

ஒரு சிறுகதை எழுதுகிறேன், ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். 1970 வாக்கில் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோ, வயதான முதலாளி, புதிதாகச் சேர்ந்த பையன். ஒரு பாட்டியின் படம். நெகட்டிவில் சுருக்கங்கள் தெளிந்த கோடுகளாகத் தெரியும், மங்கலான பக்கத்தில் கூர்சீவிய பென்சிலால் அவற்றை நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்து சுருக்கம் மறையும். பையன் எல்லாவற்றையும் நிரப்பிவிடுகிறான். பிரிண்ட் எடுத்தால் கன்னம் மாவு உருண்டை மாதிரி இருக்கிறது.

பெரியவர் திட்டவில்லை. டர்பன்டைன் தொட்ட பஞ்சால் பென்சிலைத் துடைத்துவிட்டு, "கோட்டை அழிக்காதடா, பாதி இளக்கு. பிரிண்டைக் கை நீட்டிப் பிடிச்சுப் பாரு, உன் வேலை தெரிஞ்சா அதிகம்" என்கிறார். கண்ணோரக் கோடுகளைத் தொடவே விடுவதில்லை, பாட்டி சிரிப்பதே அங்கேதான்.

என் சந்தேகம் இதுதான். துடைத்த பிறகு பென்சில் மறுபடி பிடிக்க மெருகெண்ணெய் மாதிரி ஏதோ தடவுவார்களாமே, அதை உங்கள் ஸ்டுடியோவில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்கள்? காய எவ்வளவு நேரம் விடுவீர்கள்? அப்புறம், போதும் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் எதைப் பார்த்து நிறுத்தச் சொன்னார்? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள், இந்தக் காட்சியைத் தப்பாக எழுத மனசு வரவில்லை.