புதுப்பிப்பு: பெரியப்பாவின் மலேசிய சேமநிதி அறிக்கை

போன வாரம் நான் கேட்டது: “அறிக்கையில் ‘அக்காவுன் எமாஸ்’ என்று ஒரு வரி. எமாஸ் என்றால் தங்கம்தானே?”

சொல்லுக்கு அர்த்தம் தங்கம், கணக்கில் தங்கம் இல்லை. நான் ‘தங்கக் கணக்கு’ என்று எழுதிக் கொடுத்ததில் பாலக்கோட்டில் பெரியப்பா சவரன் கணக்கே போட்டுவிட்டார். 55 வயதுக்குப் பிறகு கட்டிய சந்தா அது. 60 ஆனால்தான் எடுக்கலாம். 55 வயது வரை சேர்ந்த பணம் இருக்கும் ‘அக்காவுன் 55’இலிருந்து இப்போதே எடுக்கலாம். அவருக்கு 58. ‘55க்குப் பிந்தைய சந்தா’ என்று திருத்திவிட்டேன்.

“நாட்டை விட்டு வந்தால் மொத்தமும் கிடைக்கும், என் மச்சான் வாங்கினார்” என்றார் ஓசூர் நண்பர். மச்சான் இந்தியக் குடிமகன். பெரியப்பா இன்னும் மலேசியக் குடிமகன். குடியுரிமையை விட்டால்தான் அவருக்கு அந்த வழி. விடுவதா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது.